நாற்பது டிக்கெட் மூடினா எல்-டூ ஆயிடுமா?

சடையங்குப்பத்துல இருந்து ஒரு தம்பி ரெஸ்யூமே அனுப்பியிருந்தார். டெக்னிக்கல் சப்போர்ட்ல மூணு வருஷம். அவர் குறி வச்சிருக்கிற வேலைக்கு மூணு விஷயம் கேக்குறாங்க: எல்-டூ அனுபவம், சர்வீஸ்நவ், நாலெட்ஜ் பேஸ்ல கட்டுரை எழுதின பழக்கம்.

முதல் வரியே "எல்-ஒன், எல்-டூ, எல்-த்ரீ எல்லாம் பார்த்தேன், தினமும் 40 டிக்கெட் மூடினேன்". கணக்குப் போடுங்க. எட்டு மணி நேரம்னா 480 நிமிஷம். ஒரு டிக்கெட்டுக்கு 12 நிமிஷம். பாஸ்வேர்ட் ரீசெட் அந்த நேரத்துல முடியும். லாக் படிச்சு, பிரச்சினையைத் திரும்ப வரவழைச்சுப் பார்க்க முடியாது. அதனால படிக்கிறவர் இதை எல்-ஒன்னாத்தான் எடுத்துக்குவார். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் பார்க்கிறது வேற: டிக்கெட் யார்கிட்ட இருந்து உங்ககிட்ட வந்துச்சு, நீங்க எதைக் கையில வச்சுக்கிட்டு யாருக்கு அனுப்பினீங்க?

போன்ல இதையே கேட்டேன். கன்டெய்னர் யார்டு ஒண்ணுல, ஷிஃப்ட் மாறும்போது ஸ்கேனர்ல லாகின் ஆகலையாம். எல்-ஒன் ஆளுங்க தினமும் ரீஸ்டார்ட் பண்ணி மூடிட்டே இருந்திருக்காங்க. தம்பி சர்வர் லாக் பார்த்திருக்கார். முந்தின ஷிஃப்ட் லாக்அவுட் பண்ணாததால பழைய செஷன்கள் அப்படியே நின்னு, லைசென்ஸ் எண்ணிக்கை நிரம்பிடுது. அந்த லாகோட டெவலப்பர் டீமுக்கு அனுப்ப, அவங்க டைம்அவுட்டைக் குறைச்சாங்க. அசல் எல்-டூ வேலை இதுதான். ரெஸ்யூமேல இதுக்கு ஒரு வரிகூட இல்லை!

அடுத்து டூல். அவர் பழகினது ஃப்ரெஷ்டெஸ்க், நம்ம சென்னையில 2010ல தொடங்கினது. "சர்வீஸ்நவ்" னு சும்மா சேர்த்திருக்கார். எடுத்துடச் சொன்னேன். பதில் வராத கஸ்டமர் டிக்கெட்டை அங்க `Pending`, இங்க `On Hold`. ரெண்டுலயும் எஸ்எல்ஏ கடிகாரம் வழக்கமா நிக்கும். இது ஒரு வாரத்துல பழகிடும். ஆனா இன்சிடென்ட்டுக்கும் ப்ராப்ளத்துக்கும் வித்தியாசம் கேட்டா தெரிஞ்சிருக்கணும். ஒவ்வொரு காலை லாகின் புகாரும் ஒரு இன்சிடென்ட். அதுங்களுக்குப் பின்னாடி இருந்த செஷன் கோளாறுதான் ப்ராப்ளம். தம்பி இதைக் கேட்டதும் சொல்லிட்டார்.

"நாலெட்ஜ் பேஸ் பராமரித்தேன்" ங்கிறதுதான் இருக்கறதுலயே பலவீனமான வரி. பழைய ஃபைலை ஃபோல்டர் மாத்தி வச்சாலும் பராமரிப்புதானே? இவர் டைம்அவுட் சரியாகிற வரைக்கும் பழைய செஷனை எப்படி நீக்குறதுன்னு ஸ்க்ரீன்ஷாட்டோட எழுதிக் கொடுத்திருக்கார். அதைப் பார்த்து எல்-ஒன் ஆளுங்களே முடிச்சுட்டாங்க, அவர்கிட்ட வர்றது நின்னுடுச்சு. வாரத்துக்கு எத்தனை வந்துட்டு இருந்துச்சுன்னு பழைய ரிப்போர்ட்ல பார்த்து அந்த எண்ணைப் போடச் சொல்லியிருக்கேன். ஞாபகத்துல இருந்து போட வேணாம், இன்டர்வியூல தோண்டுவாங்க.

இப்ப வரி இப்படி மாறியிருக்கு: "எல்-ஒன் அனுப்பின ஸ்கேனர் லாகின் புகார்களுக்கு சர்வர் லாகில் காரணம் கண்டுபிடித்து டெவலப்பர் டீமுக்குக் கொடுத்தேன்; இடைக்காலத் தீர்வை எழுதினேன்." விளம்பரத்துல கேட்ட மூணுல ரெண்டு இருக்கு, மூணாவது பக்கத்துல இருக்கு. அப்ளை பண்ணச் சொல்லிட்டேன்.