காசுக்கு வாய் இல்லை



தோட்டத்துச் சம்பள நாளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்று, கிராணி பெயரைக் கூப்பிட்டதும் போய், காசை எண்ணி வாங்குவோம். எத்தனை நாள் பேர் விழுந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. ஆகவே சண்டை வந்தாலும் பார்த்துச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. ஆனால் நாமே சொந்தமாக ஒரு சிறு தொழில் செய்து, சரக்கைக் கடையில் கொடுத்துக் காசு வாங்கும்போது அந்தப் புத்தகத்தை யார் வைத்திருக்கிறார்கள்? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோட்டத்தில் குடியிருக்கும் ஓர் அம்மாள் முறுக்கு சுட்டு, பட்டணத்து மளிகைக் கடை ஒன்றுக்கு வாரந்தோறும் கொடுக்கிறார். ஒரு பாக்கெட் 4 வெள்ளி. முதல் வாரம் 60 பாக்கெட், இரண்டாம் வாரம் 60, மூன்றாம் வாரம் 50. ஆகமொத்தம் 170 பாக்கெட், 680 வெள்ளி. கடைக்காரர் நல்லவர்தான். ஆனால், "இப்போதைக்கு நூறு வைத்துக்கொள், மீதியை அடுத்த வாரம் பார்ப்போம்" என்று கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். சில நாள் அம்மாள் போவார். சில நாள் மகன் மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வருவான்.

மூன்றாம் வார முடிவில் கணக்குப் பார்த்தார்கள். வந்தது 400, பாக்கி 280 என்றார் அம்மாள். தாம் கொடுத்தது 450, பாக்கி 230தான் என்றார் கடைக்காரர். இடையில் 50 வெள்ளி காணாமல் போய்விட்டது! கடைப் பையன் கொடுக்க மறந்தானா? மகன் பெட்ரோல் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தானா? கடைக்காரர் தப்பாக நினைவு வைத்திருக்கிறாரா? யாராலும் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் அதில் யாரும் திருடராக இருக்க வேண்டியதில்லை. கை மாறிய காசுக்கு வாய் இல்லை, அதுதான் சங்கதி. 50 வெள்ளி என்பது 12 பாக்கெட்டுக்கு மேற்பட்ட உழைப்பு. அதைவிடப் பெரிய நஷ்டம், வீட்டில் மகன் மீது விழுந்த சந்தேகம்.

இதற்கு மாற்று, காசை வங்கிக் கணக்கில் போடச் சொல்வது. சம்பளத்துக்காக நம்மில் பலருக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. ஆனால், "எப்படிக் கேட்பது? நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்வாரே" என்ற தயக்கம் வரும். அதற்கு நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். தகராறு நடக்கும்போது கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். பழைய பாக்கியைப் பேசி முடித்துவிட்டு, புதுச் சரக்கு கொடுக்கும் நாளில் இப்படிச் சொல்லலாம்:

"அண்ணே, இந்த வாரத்திலிருந்து காசைப் பேங்கிலே போட்டுவிடுங்க. நம்பர் பில்லிலேயே எழுதியிருக்கேன். எவ்வளவு கொடுத்தீங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையன் கையிலே காசு வேண்டாம்."

கடைக்காரருக்கும் இதில் ஆதாயம் உண்டு. வியாபாரம் செய்பவர் வருமான வரிக்காகத் தம் கணக்குகளை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பது மலேசியச் சட்டம். சரக்கு வாங்கிய செலவைக் காட்ட நம் பில்லும், பணம் அனுப்பிய பதிவும் அவருக்குக் கைகொடுக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கிப் பதிவு மூன்று விஷயங்களைச் சொல்லும்: யார் அனுப்பினார், எந்த நாளில், எவ்வளவு. எதற்காக என்பதை அது தானாகச் சொல்லாது. ஆகவே வங்கியும் பில் புத்தகமும் சேர்ந்துதான் கணக்காகும். கடையில் கிடைக்கும் சாதாரண பில் புத்தகம் போதும். ஒவ்வொரு பில்லிலும் எண், தேதி, பாக்கெட் எண்ணிக்கை, தொகை இருக்கட்டும். கீழே வங்கியின் பெயர், கணக்கு எண், அந்தக் கணக்கில் உள்ளபடியே நம் முழுப் பெயர். கணக்கு உழைப்பவர் பெயரிலேயே இருக்கட்டும். மகன் கணக்கில் விழுந்தால் அது மகனுடைய வருமானமாகத்தான் தெரியும்.

பணம் அனுப்பும்போது கைப்பேசித் திரையில் Recipient Reference என்று ஓர் இடம் வரும். அதில் பில் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

அந்த அம்மாளின் அடுத்த பில் 14ஆம் எண் என்று வைத்துக்கொள்வோம். 60 பாக்கெட் கொடுத்தார். 5 விற்காமல் திரும்பி வந்தது. அதைப் பில்லிலேயே எழுதிக் கழித்து, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். 55 பாக்கெட்டுக்கு 220 வெள்ளி. கணக்கில் 220, "பில் 14" என்று வந்தது; பில்லில் ஒரு கோடு போட்டாயிற்று. அடுத்தது பில் 15, தொகை 240. முதலில் 150 வந்தது, நான்கு நாள் கழித்து 90 வந்தது. இரண்டிலும் பில் 15 என்றே இருந்தது. துண்டு துண்டாகக் கொடுத்தாலும் இப்போது கணக்கு தவறவில்லை. தாமதமாகக் கொடுப்பவரை இந்த முறை திருத்திவிடாது. ஆனால் எத்தனை நாள் தாமதம் என்பதைத் தேதியோடு காட்டிவிடும்.

ஏமாறும் இடங்களும் உண்டு. "அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்று அவர் தம் கைப்பேசியில் படத்தைக் காட்டலாம். அந்தப் படம் பணம் அல்ல. அதைப் பொய்யாகவும் தயாரிக்கலாம். நம் கணக்கில் தொகை ஏறியதை நாமே பார்க்க வேண்டும். தோட்டத்தில் லைன் கிடைக்காவிட்டால் பட்டணத்து ஏ.டி.எம். இயந்திரத்தில் பார்க்கலாம். DuitNow வழியாக அனுப்பினால் பெரும்பாலும் உடனே வந்துவிடும். வேறு சில முறைகளில் அடுத்த வேலை நாள்வரை ஆகலாம்.

இன்னொன்று: நமக்குப் பணம் வர, நம் பெயரும் கணக்கு எண்ணும் போதும். ரகசிய எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் குறியீட்டு எண்ணையோ யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. தவறிச் சொல்லிப் பணம் போய்விட்டால், உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். நேரம் போகப்போகப் பணம் கைமாறிவிடும்.

எல்லாருமே வங்கியில் போடமாட்டார்கள். லயத்துக்காரர் இரண்டு பாக்கெட் வாங்கினால் காசுதான் கொடுப்பார். அதையும் அதே புத்தகத்தில் "ரொக்கம்" என்று எழுதி வையுங்கள். மாவு, எண்ணெய், கேஸ் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். கணக்கில் வந்த 220 வெள்ளியும் லாபம் அல்ல. இந்தச் செலவு போக மிஞ்சுவதே லாபம்.

சில மாதங்கள் இப்படிச் செய்தபின், மாவு பிசையும் இயந்திரம் வாங்க அந்த அம்மாள் கடன் கேட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மாதம் எவ்வளவு வருகிறது?" என்று கேட்பார்கள். முன்பு வாயால்தான் சொல்லியிருப்பார். இப்போது வங்கி அறிக்கையையும் பில் புத்தகத்தையும் மேசைமேல் வைப்பார். கடன் கட்டாயம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. சொன்னதை நம்பச் சான்று இருக்கும். வீட்டிலும், அந்த 50 வெள்ளி எங்கே என்று மகனை யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த வாரம் சரக்கு கொண்டுபோகும்போது, பில்லின் அடியில் கணக்கு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.