கட்டைவிரல் அளக்கும் உயரம்

சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். காவிரிப் பாலத்தில் எல்லாரும் தண்ணீரைப் பார்க்க, பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் மட்டும் நிமிரவில்லை. போனில் விரல் தள்ளத் தள்ள, ஒருத்தியின் நிச்சயதார்த்தம், இன்னொருத்தியின் பெங்களூரு வேலை. மாம்பழச்சாலை வருவதற்குள் முகம் வாடிவிட்டது.

மனிதன் தன்னை அளக்க அடுத்தவரைப் பார்க்கிறான் என்று 1954-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். தெருவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய கடனும் சண்டையும்கூடக் காதில் விழும். போனில் வருவதோ பொறுக்கியெடுத்த படம்.

2018-இல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 143 மாணவர்கள். ஒரு பிரிவினர் மூன்று வாரம், மூன்று சமூக ஊடகச் செயலிகளைத் தினம் பத்துப் பத்து நிமிடமே பார்த்தார்கள். தனிமை உணர்வு குறைந்தது. ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களுக்கு மனச்சோர்வும் தணிந்தது. சுயமதிப்பு மட்டும் அசையவில்லை. வருஷக்கணக்கில் அளந்த பழக்கமாயிற்றே!