காசி பேக்கேஜ்: எட்டுப் பக்க பிடிஎஃப்பை வீட்டுக்கு எப்படிச் சொல்றது?

தாத்தா பாட்டியைக் காசிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பேச்சு வந்ததும், ஃபேமிலி குரூப்ல எட்டுப் பக்க பிடிஎஃப் ஒண்ணு வந்து விழும். "நீயே படிச்சு சொல்லு"ன்னு அந்த வேலை நம்மகிட்டதான் வரும். இன்னைக்கு அதைத்தான் பண்ணப்போறோம்.

உதாரணத்துக்கு ஒரு பேக்கேஜ். சென்னையிலிருந்து விமானத்துல ஆறு நாள், தலைக்கு 28,000 ரூபாய். வாரணாசியில ரூம் போட்டு, மூணாம் நாள் பிரயாக்ராஜ், நாலாம் நாள் கயா. ரெண்டுமே அன்னைக்கே போயிட்டு வர்றது.

இதுல ஊர் பெயரை விட்டுட்டு, வண்டியில உட்கார்ற நேரத்தைப் பாருங்க. பிரயாக்ராஜ் ஒரு வழிக்கு சுமார் 120 கிலோமீட்டர், சமாளிச்சிடலாம். கயா சுமார் 250. போக வர 500 கிலோமீட்டர், கூடவே பிண்டம் வைக்கிற சடங்கு. மூட்டுவலி இருக்கிற பாட்டிக்கு இது ஒரே நாள்ல முடியுற காரியமில்லை. கயாவுல ஒரு ராத்திரி தங்க வைக்க முடியுமான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க.

அடுத்து, காசுல எது அடங்கும்? டிக்கெட், ரூம், காலை டிபன், ராத்திரி சாப்பாடு, வேன். எது அடங்காது? மதிய சாப்பாடு, படகு, புரோகிதர் தட்சிணை. விஸ்வநாதர் கோயில் பக்கம் வேன் போகாது. இறங்கி ரிக்‌ஷா பிடிக்கணும், மீதி தூரம் நடக்கணும். அந்த ரிக்‌ஷா காசும் நம்ம பொறுப்பு. பெரியவங்களுக்குத் தேவையானதுல பாதி இந்த "அடங்காது" பட்டியல்லதான் இருக்கு. விமான நிலையத்துல வீல்சேர் வேணும்னா, டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க.

கடைசியா ரீஃபண்ட். "15 முதல் 30 நாளுக்குள் ரத்து செய்தால் 50 சதவீதம்"னு போட்டிருக்கு. கிளம்ப 20 நாள் இருக்கும்போது தாத்தாவுக்கு உடம்பு முடியலைன்னு வைங்க. 14,000 வரும்னு நினைப்போம். ஆனா கீழே பொடி எழுத்துல, "விமானக் கட்டணம் விமான நிறுவன விதிப்படி"ன்னு இருக்கும். டிக்கெட் 12,000னா, மீதி 16,000-லதான் பாதி. அதாவது 8,000. டிக்கெட் கட்டணம் திரும்பாத வகையா இருந்தாலும், அதுல சேர்ந்திருக்கிற அரசு வரி, விமான நிலையக் கட்டணம் திரும்ப வரணும். அதைக் கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு. தாத்தா வரலைன்னா பாட்டி ரூம்ல தனியாயிடுவாங்க. அதுக்கு "சிங்கிள் ரூம்"னு கூடுதல் காசு கேப்பாங்களான்னு இப்பவே எழுத்துல வாங்கிடுங்க. வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் சரி, ஃபோன்ல சொன்னதை மட்டும் நம்பாதீங்க.

ஆக, குரூப்ல போட வேண்டியது மூணே வரி: எந்த நாள் எத்தனை மணி நேரம் வண்டி, கையில தனியா எவ்வளவு வேணும், ஒருத்தர் மட்டும் நின்னா எவ்வளவு திரும்ப வரும். இதைப் படிச்சிட்டு வீட்டுல முடிவு பண்ணட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!