கழையும் களையும் கலையும்



பாபநாசத்தில் தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது. மேலே பொதிகைச் சரிவில் மூங்கில், கீழே நெல்வயல். மூங்கிலுக்குக் கழை என்பது பழம்பெயர். நெல்லோடு போட்டியிட்டு முளைப்பது களை. சங்கப் பாடல்களில் மலைமரங்களில் தாவும் ஆண்குரங்குக்குக் கலை என்றும் பெயருண்டு. ஆனால் நெல்லை மக்கள் நாவில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும் ஊரில் கழைக்கும் களைக்கும் செவி வேறுபாடு காட்டாது.

கழைக்கூத்தாடி என்ற சொல்லைப் பாருங்கள். மூங்கிற்கோலின் துணையால் வித்தை காட்டுபவர் அவர். கேட்டபடி எழுதுவோர் 'களைக்கூத்தாடி' என்பர். கூத்தும் ஒரு கலைதானே என்று எண்ணுவோர் 'கலைக்கூத்தாடி' என்பர். பின்னதே தீராத பிழை; பொருள் பொருந்துவதுபோல் தோன்றுவதால் ஐயமே எழுவதில்லை.

ஐயம் எழுந்தால் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப்பிள்ளை நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். அகராதி நெடுங்கணக்கு முறையில் செல்வது: ல, வ, ழ, ள, ற, ன. ஆகவே கலையில் கிடைக்காதவர் அடுத்த வரியில் கழையைத் தேடக் கூடாது. 'கவ' எனத் தொடங்கும் சொற்களையெல்லாம் கடக்க வேண்டும். கழையைத் தாண்டியே களை வரும். கூட்டமென்னும் கணம் முன்னே நிற்க, பாரமென்னும் கனம் ககரச் சொற்களின் இறுதிக்குப் போய்விடும். கணினி வேறுவகை. யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே உள்ளது. அவ்வெண்ணை மட்டும் நம்பி அடுக்கிய பட்டியலில் கனம் 'கப' என்பதற்கும் முன்னே நிற்கும்.

சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் புணர்ச்சியே சான்று கூறும். வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வரும்போது கல் கற்குடமாகும், கள் கட்குடமாகும். பொன் பொற்குடமாகும், மண் மட்குடமாகும். றகரம் தோன்றினால் லகரமோ னகரமோ மறைந்துள்ளது. டகரம் தோன்றினால் ளகரமோ ணகரமோ. ழகரம் பெரும்பாலும் மாறாது. தமிழ்ச்சங்கம் என்பதில் அது அப்படியே நிற்கிறது. ஆனால் கழை போல உயிரில் முடியும் சொல்லுக்கு இச்சோதனை உதவாது. கணினியில் 'கல்' என்று தேடுபவருக்குக் கல்வி வந்து நிற்கும், கற்குடம் வராது. 'கற்' என்றும் ஒருமுறை தேட வேண்டும். அப்போது கற்பும் கற்பனையும் கூடவே வரும், அவற்றைக் கண்ணால்தான் விலக்க வேண்டும்.

நகரத்தில் குழப்பம் குறைவு. தமிழ்ச்சொல் னகரத்தில் தொடங்குவதில்லை. நகரம் சொல்லின் நடுவே உயிர்களுக்கிடையில் வருவதும் அரிது. அந்த அரிய சொற்களுள் ஒன்று நம் ஆற்றின் பழம்பெயர். பொருனை என்றும் பொருணை என்றும் தேடிச் சோர்வோருக்கு, பொருநை என்று தேடினால்தான் ஆறு அகப்படும்.