தாளின் வெற்றிடமும் விடை சொல்லும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

நம் கல்விச் சங்கம் இவ்வெள்ளி விழா ஆண்டில், நம் குடும்பங்களின் கல்வி நிலையைக் கணக்கெடுக்க முடிவு செய்துள்ளது. அதற்கென இளைஞர்கள் ஆயத்தம் செய்த வினாப்படிவத்தை நம்மிடம் தந்து, பிழை திருத்தித் தருமாறு கேட்டனர். எழுத்துப்பிழை மிகுதியில்லை, வினாக்களும் நல்லனவே. ஆயினும், எழுத்தில் இல்லாத பிழைகள் சில அத்தாளில் இருக்கக் கண்டோம். அவை கட்டங்களின் அளவிலும், வரிகளின் இடைவெளியிலும், பூசிய நிறத்திலும் இருந்தன. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

முதலில் நம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஊரின் மாணவர் விடுதிக்கு ஒரு வினாப்படிவம் வந்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் பலர் அவ்விடுதியில் தங்கியிருந்ததால், அதனை நிரப்பி வாங்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. தாளின் இரு பக்கங்களிலும் அச்சிட்டு, இடத்தை மிச்சப்படுத்தியிருந்தனர். கடைசி வரியில், "குறைகள் இருப்பின் எழுதுக" என்றிருந்தது. அதன் எதிரே விரல் நீளத்திற்கு ஒரு கட்டம். பிள்ளைகளுள் பெரும்பாலோர் அதில் ஒரு கோடு போட்டுவிட்டனர். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் "தண்ணீர்" என்று எழுதியிருந்தான். படிவங்களைத் தொகுத்த அலுவலர், "குறிப்பிடத்தக்க குறைகள் இல்லை" என்று எழுதி அனுப்பினார்.

நமக்கு மனம் ஒப்பவில்லை. அப்பிள்ளையை அழைத்து, முழுத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "தண்ணீர் என்று எழுதினாயே, அதைப் பற்றி எழுது" என்றோம். தொட்டியில் காலையில் ஒரு முறைதான் நீர் ஏறுகிறது, பெரிய பிள்ளைகள் குளித்து முடிந்தால் சிறியவர்களுக்கு இல்லை, இரவில் குடிப்பதற்குத் தெருக்குழாய்க்குப் போகிறோம், அங்கே எங்களை வரிசையின் கடைசியில் நிற்கச் சொல்கிறார்கள் என்று பக்கம் நிறைய எழுதினான். அவ்வளவும் முன்னமே அவன் நெஞ்சில் இருந்ததுதான். கட்டம் ஒரு சொல்லுக்குத்தான் இடம் கொடுத்தது. அவனும் ஒரு சொல்லோடு நிறுத்திக் கொண்டான். படிவம் அச்சிட்டவர் தீய எண்ணங்கொண்டவர் என்று நாம் கூறவில்லை. அவர் தாளை மிச்சப்படுத்தினார். அதனால் ஒரு குறை மறைந்து போயிற்று.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் கூச்சம் மட்டுமன்று. அமெரிக்காவில் வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியா கிறிஸ்டியன், டான் டில்மன் என்னும் ஆய்வாளர்கள், மாணவர்களுக்கு ஒரே வினாவை இருவகைத் தாள்களில் அனுப்பினர். ஒன்றில் எழுதும் இடம் சிறிது, மற்றதில் பெரிது. சொல்லில் வேறுபாடு இல்லை. பெரிய இடம் பெற்றவர்கள் மிகுதியான சொற்களை எழுதியதோடு, மிகுதியான கருத்துகளையும் எழுதினர். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த இம்முடிவு நமக்கு உணர்த்துவது யாது? கட்டத்தின் அளவைக் கண்ட மாத்திரத்தில், "என்னிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள்" என்று மனிதன் கணக்கிட்டுக் கொள்கிறான் என்பதே.

ஆனால் எல்லாக் கட்டங்களையும் பெரிதாக்கிவிடுவது தீர்வாகாது. எண் மட்டும் வேண்டிய இடத்தில் நீண்ட கட்டம் வைத்தால், "ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு" என்று எழுதிவிடுகின்றனர். 2001-இல் வெளிவந்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்றில் இதுவே புலனாயிற்று. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் ஈரிலக்கத்திற்குரிய சிறு கட்டம் போதும். படிப்பை ஏன் நிறுத்தினான் என்று கேட்டால் ஐந்து வரியேனும் வேண்டும். நம் இளைஞர்களின் படிவத்திலோ இவ்விரண்டிற்கும் ஒரே அளவுக் கட்டம் இருந்தது.

இனி இடைவெளிக்கு வருவோம். படிவத்தின் ஆறாம் வினா இது: "உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பிற்கு மேல் படிப்பைத் தொடர்வது எவ்வளவு உறுதி?" அதன் கீழ் ஏழு விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே சீரான இடைவெளியில் அச்சாகியிருந்தன:

மிக உறுதி
உறுதி
பாதிக்குப் பாதி
ஐயம்
தொடர இயலாது
தெரியாது
கூற விருப்பமில்லை

இதில் குறை என்ன என்று கேட்பீர்கள். உண்மையான அளவுகோல் முதல் ஐந்து விடைகள்தாம். அவற்றின் நடு, மூன்றாவதாகிய "பாதிக்குப் பாதி". ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஏழு வரிகள். ஏழின் நடு நான்காவது வரி. அங்கே நிற்பது "ஐயம்". திட்டமான முடிவில்லாத ஒரு தாய், "நடுவில் உள்ளதுதான் எல்லோருக்கும் பொதுவானது" என்று தன்னை அறியாமலே எண்ணி, நடுவரியை நாடக்கூடும். மிச்சிகனைச் சேர்ந்த டூராஞ்சோ, கூப்பர், கான்ராட் என்னும் மூவர் இதனை ஆராய்ந்து 2004-இல் எழுதினர். தெரியாது என்பன போன்ற விடைகளை அளவுகோலோடு சேர்த்து அடுக்கியபோது, விடைகள் கண்ணுக்குத் தெரியும் நடுவை நோக்கி நகர்ந்தன. அவற்றை ஒரு கோட்டினால் பிரித்தபோது அந்த நகர்வு குறைந்தது. ஆனால் அந்தக் கோடே கண்ணை ஈர்த்ததால், "தெரியாது" என்போர் தொகை கூடிற்று. ஆதலால் எந்த அமைப்பும் முற்றிலும் நடுநிலையானது என்று மயங்குதல் கூடாது.

இதனால் விளையும் தீங்கினை எண்ணிப் பாருங்கள். "பாதிக்குப் பாதி" என்று சொல்லியிருக்க வேண்டிய குடும்பங்களுள் சில "ஐயம்" என்னும் வரியில் விழுந்துவிடும். நாளை அக்கணக்கை எடுத்துக்கொண்டு ஒருவர், "இம்மக்களுக்குத் தம் பிள்ளைகள் படிப்பார்கள் என்னும் நம்பிக்கையே இல்லை, பின் எதற்கு மேனிலைப் பள்ளி?" என்று கேட்பார். நம் கையாலேயே எடுத்த கணக்கு நமக்கு எதிராக நிற்கும். ஐந்து விடைகளையும் சேர்த்து வைத்து, சிறிது இடம் விட்டு, ஒரு மெல்லிய கோட்டின் கீழே மற்ற இரண்டையும் வைப்பதே இங்கு ஏற்றது.

மூன்றாவது நிறம். "நம் சங்கத்தின் மாலைநேரப் படிப்பகம் எவ்வாறு நடைபெறுகிறது?" என்பது பதினோராம் வினா. ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒன்றின் மேல் சிவப்பு, ஐந்தின் மேல் பச்சை. "மோசம்", "மிக நன்று" என்ற சொற்கள் இரு முனைகளில் மட்டும் இருந்தன. இடையில் சொல்லே இல்லை. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. முற்கூறிய அறிஞர் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அளவுகோலின் இரு முனைகளுக்கும் வெவ்வேறு நிறம் தீட்டியபோது, ஒரே நிறத்தின் சாயல்களைத் தீட்டியதைக் காட்டிலும் விடைகள் உயர்முனைப் பக்கம் சாய்ந்தன. நிறம் வேறுபட்டால் கீழ்முனை மேலும் தொலைவானதாகவும் கடுமையானதாகவும் தோன்றுகிறது போலும். அங்கே கை வைக்க மனம் தயங்குகிறது.

எண்ணும் இவ்வாறே செய்யும். செருமனியில் நார்பர்ட் சுவார்சும் அவர்தம் குழுவினரும், வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி கண்டீர் என்று கேட்டு, 1991-இல் முடிவை வெளியிட்டனர். 0 முதல் 10 வரை எண்ணிட்ட அளவுகோலில் 34 விழுக்காட்டினர் கீழ்ப்பாதியில், அதாவது 0 முதல் 5 வரை குறித்தனர். அதே பதினோரு படிகளுக்கு -5 முதல் +5 வரை எண்ணிட்டபோது, கீழ்ப்பாதியைக் குறித்தவர் 13 விழுக்காட்டினரே. பூச்சியம் என்றால் வெற்றி இல்லாமை. கழித்தற்குறி இட்டாலோ அது தோல்வி என்று பொருள்படுகிறது. தோற்றேன் என்று எழுத யார் விரும்புவர்?

ஆகவே, சிவப்பும் பச்சையும் தீட்டிய நம் படிவம் நம் படிப்பகத்திற்குத் தகுதிக்கு மேற்பட்ட புகழைத் தேடித் தந்திருக்கும். விளக்கு எரியவில்லை, ஆசிரியர் வரவில்லை என்று சொல்ல வேண்டியவர்களும் நான்கு என்று குறித்துவிட்டுப் போயிருப்பார்கள். விடுதியின் கட்டம் பிள்ளைகளின் குறையை மறைத்தது என்று வருந்தினோம் அல்லவா? அதே தவற்றை நம் சங்கமே நம் மக்களுக்குச் செய்ய இருந்தது. இதற்கு மாற்று எளிது. நிறத்தை நீக்கி, ஐந்து படிகளுக்கும் ஐந்து சொற்களை எழுதிவிடுதல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் சொல் இருந்தபோது நிறத்தின் செல்வாக்கு மங்கிவிட்டது என்பதும் அதே 2007 ஆய்வின் முடிவு. சொல் தெளிவாக இருந்தால் கண் சொல்லையே பின்பற்றும். சொல் இல்லாத இடத்தில்தான் நிறத்தையும் இடத்தையும் தேடுகிறது.

இவையெல்லாம் பெரிய மாற்றங்களைச் செய்துவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டான் என்று அறிந்த தந்தையை எந்த நிறமும் மாற்றாது. உறுதியான கருத்துடையோர் சிறிதே அசைவர். ஊசலாடுவோரே மிகுதியாக அசைவர். ஆனால் பல கணக்குகளின் முடிவு அந்த ஊசலாடுவோர் கையில்தான் இருக்கிறது.

அசைவு இருக்கிறதா என்று அறிவதற்கு ஒரு வழி உண்டு. ஐயத்திற்குரிய வினாவை இருவிதமாக அச்சிடுங்கள். முதல் வீட்டிற்கு ஒரு வகை, அடுத்த வீட்டிற்கு மறுவகை என மாறி மாறிக் கொடுங்கள். மேலைத் தெருவிற்கு ஒன்று, கீழைத் தெருவிற்கு மற்றொன்று என்று பிரிக்காதீர்கள். தெருக்களின் வேறுபாடு படிவத்தின் வேறுபாடு போலத் தோன்றிவிடும். பின்னர் இருவகை விடைகளையும் தனித்தனியே எண்ணுங்கள். இருபது வீடுகளில் இரண்டு மூன்று விடைகள் மாறியிருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். சில நூறு வீடுகளில் ஒரு வகைத் தாள் தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அச்சாய்வு மக்களுடையதன்று, தாளினுடையது என்று கொள்க.

திருத்திய படிவத்தை இன்று செயலாளரிடம் அளித்துவிட்டோம். முன்பு இரண்டு பக்கமாக இருந்தது இப்போது நான்கு பக்கமாகிவிட்டது. அச்சுச் செலவு கூடும் என்று பொருளாளர் கவலைப்பட்டார். விடுதியில் "தண்ணீர்" என்று ஒரு சொல் எழுதிய அந்தப் பிள்ளையின் கதையை அவரிடமும் கூறினோம். அவர் அச்சகத்திற்கு நான்கு பக்கத்திற்கே சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பதை மகிழ்வுடன் தெரிவித்து அமைகிறோம்.