முன்வாசல் வாசகம்: அழிப்பதா, வைப்பதா, திருத்துவதா?
(பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

முன்வாசல் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். அதில் உள்ள 'குப்பை தொட்டியிலே, தூய்மை வீட்டிலே' என்ற வாசகத்தை என்ன செய்வது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். விளம்பரத் துறையில் இருந்தவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

'நாம் இருவர், நமக்கு இருவர்' உங்களுக்கு நினைவிருக்கும். சிவப்பு முக்கோணத்தோடு பஸ்ஸிலும் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். பிற்பாடு அது 'நாம் இருவர், நமக்கு ஒருவர்' ஆயிற்று. மாறியது ஒரே சொல். ஓசை அப்படியே இருந்ததால் புதிய செய்தியும் பழகியதாகவே காதில் விழுந்தது. இன்றோ நிலைமை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். வாசகம் வந்த வேலை முடிந்துவிட்டது. இனி அதில் எந்தச் சொல்லைத் திருத்தியும் பயனில்லை. ஓய்வு கொடுக்க வேண்டியதுதான்.

காரணம் தற்காலிகமானால் அவசரப்படக் கூடாது. 'விரலை நக்கும் ருசி' என்ற பொருளில் கே.எஃப்.சி. பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாசகத்தை, 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், நிறுத்தி வைத்தார்கள். அழிக்கவில்லை. தொற்று தணிந்ததும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இப்போது நம் சுவருக்கு வருவோம். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் பழையதே இருக்கட்டும் என்பார்கள். அதனால் நான் அப்படிக் கேட்கவில்லை. பத்து வீடுகளில் 'குப்பை…' என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். எட்டு வீடுகளில் மீதியைச் சொன்னார்கள், குழந்தைகள் உட்பட. அவர்கள் இழுத்துச் சொன்னது '-யிலே, -லே' என்ற முடிவைத்தான். நம் வாசகத்தின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது.

ஆனால் அது சொல்லும் செய்தி பழசாகிவிட்டது. அன்று கீழே ஒரே தொட்டி. இன்று மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் போடுபவரும் நம் வாசகத்தின்படி சரியாகத்தான் நடக்கிறார்! அதைப் பிரிக்கக் கையை விடுபவர் நம் துப்புரவுப் பணியாளர்.

ஆகவே என் யோசனை: 'பிரித்த குப்பை தொட்டியிலே, தூய்மை வீட்டிலே'. சேர்வது ஒரு சொல்தான். அதே இடம், அதே நீல எழுத்து. எழுத்தையும் நிறத்தையும் சேர்த்து மாற்றினால் வேறு ஏதோ போர்டு என்று கடந்து போய்விடுவோம்.

எழுதி மூன்று மாதம் கழித்து அதே பத்து வீடுகளில் கேட்போம். 'பிரித்த' என்று தொடங்கினால் மீதி வருகிறதா, நீலத் தொட்டியில் சாதம் விழாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டும் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் என் வாசகத்தையே நீங்கள் அழிக்கலாம். இப்போது உங்கள் வாக்கு.