வெள்ளிக்கிழமை பூரி இருக்கட்டும், நடுவரே!

தருமபுரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. அதன் பெற்றோர் சங்க விழாவில் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு தேடி இந்த ஆண்டு யாரும் அலையவில்லை. கேன்டீன் மேலாளர் பெற்றோருக்கு அனுப்பிய இரண்டு பக்கக் கடிதமே தலைப்பாகிவிட்டது. கேழ்வரகு அடை, கம்பு இட்லி, சாமைப் பொங்கல், முளைகட்டிய பயறு. பஜ்ஜி, போண்டா, சமோசா, பூரியெல்லாம் இனி வாரத்தில் ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை. ‘கேன்டீனின் புதிய மெனு பிள்ளைகளுக்குப் பயனா, பெற்றோருக்குப் பெருமையா?’ என்று மேடையில் துணிப்பதாகை தொங்கியது.

‘பெருமையே’ அணிக்கு ஒரு வங்கி அதிகாரி தலைவர். நல்ல பேச்சாளர், முதல் இரண்டு நிமிடத்திலேயே கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டார். சிறுதானியம் இப்போது பணக்காரத் தின்பண்டம், 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் பள்ளிகளுக்கு விளம்பரம் கிடைத்துவிட்டது, பிள்ளைகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசல் கடைக்கு ஓடுவார்கள் என்று மூன்று குத்துகள். மூன்றாவது குத்தில் உண்மை இருந்தது. அதனால்தான் எதிர் அணித் தலைவி எழுந்தபோது கைதட்டல் கொஞ்சம் மெலிதாகவே கேட்டது.

அவர் அரசுப் பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார். “நடுவர் அவர்களே, எதிரணித் தம்பி இந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை. படித்திருந்தால் விளம்பரம் என்று சொல்லியிருக்க மாட்டார். விளம்பரம் எழுதுகிறவன் எண்ணெயைப் பற்றி எழுதுவானா?”

அங்கிருந்துதான் தொடங்கினார். இதுவரை கேன்டீனில் காலையில் போண்டாவுக்கு ஊற்றிய எண்ணெயிலேயே மாலையில் பஜ்ஜி போட்டு, மறுநாள் அதன் மேலேயே புது எண்ணெயை ஊற்றிச் சட்டியை நிரப்புவது வழக்கமாக இருந்தது என்று மேலாளரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெரும்பாலான கடைகளில் நடப்பது இதுதான். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து புதுப் பொருள்கள் உருவாகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியா முழுவதும் உள்ள விதி. “சோதனைக் கருவி எல்லாச் சமையலறையிலும் இருக்காது. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கிறதே! கரண்டியை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நின்றால், பழைய சூட்டுக்கு முன்பே புகை வந்தால், எண்ணெய் தேன்போல இழுத்தால், அதைக் கொட்டுங்கள் என்று சமையல்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பொரிப்பது என்றால் புது எண்ணெயில் தொடங்கி அன்றைக்கே முடித்துவிடலாம். மிச்சத்தை பயோடீசல் செய்ய வாங்குகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பொரிப்பதைக் குறைத்ததன் பெரிய லாபம் பிள்ளையின் தட்டில் இல்லை நடுவரே, சட்டியில் இருக்கிறது.”

இங்கே வங்கி அதிகாரி குறுக்கே புகுந்தார். 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதிப்படி கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவே கூடாதே! அப்படியானால் வெள்ளிக்கிழமை பூரிக்கு மட்டும் என்ன சலுகை?

கூட்டம் ஆரவாரித்தது. நல்ல அடிதான். அம்மையார் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. பூரி அந்த வரம்புக்குள் வருமா வராதா என்பது அதில் எவ்வளவு எண்ணெய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மேலாளர் அதை அளந்து எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நாளும் கிடையாது என்று அடித்துச் சொன்னால், தம்பி சொன்ன வாசல் கடைக்குத்தான் பிள்ளைகள் போவார்கள். அங்கே எந்தச் சட்டியையும் யாரும் பார்ப்பதில்லை. “ஆகவே வெள்ளிக்கிழமை பூரி இருக்கட்டும், நடுவரே!” என்றார். நடுவர் பூரிப் பிரியர்போலும். தலையாட்டினார்.

அடுத்தது தானியம். தமிழ்நாட்டில் கேழ்வரகு மிகுதியாக விளையும் மண்ணில் நின்றுகொண்டு கேழ்வரகுக்கு வக்காலத்து வாங்குவது கொஞ்சம் வேடிக்கைதான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அதைச் சத்தமாகவே சொன்னார்: “ஏம்மா, எங்க காலத்துல அரிசி வாங்க வக்கில்லாமத்தான் களி கிண்டுனோம். பண்டிகைன்னாத்தான் நெல்லுச் சோறு. என் பேரனுக்கும் அதே களியா? அதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுறோம்?”

அவருடைய கோபத்தை அம்மையார் மதித்தார். பதிலுக்கு ஒரே ஒரு கணக்குதான் சொன்னார். ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 50 கிராம் கேழ்வரகு மாவில் தட்டிய ஒரு அடையில் ஏறக்குறைய 170 மில்லிகிராம் இருக்கிறது, கால் பங்குக்கும் மேல். அதே எடை வெள்ளை அரிசியில் கிடைப்பது ஐந்து மில்லிகிராம் அளவுக்குத்தான். “முழுதும் உடம்பில் ஒட்டாது ஐயா, அதையும் சொல்லிவிடுகிறேன். தானியத்தின் தவிட்டில் உள்ள ஒரு பொருள் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் அந்தப் பிடி தளரும். உங்கள் வீட்டில் இரவே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினார்களே, அதுவும் அந்த வேலையைத்தான் செய்தது.”

பெரியவர் விடவில்லை. “எனக்குச் சுகரு. காலையில கேவுருக் கஞ்சிதான் குடிக்கிறேன். குடிக்கலாம்ல?” தலைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அரங்கில் பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும், சிறுதானியம் என்பதாலேயே எவ்வளவும் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மையார் பிள்ளைகளிடம் திரும்பி வந்தார்.

கம்பு இட்லிக்குக் கடிதம் சொல்லும் வழி அவருக்குப் பிடித்திருந்தது. முதல் இரண்டு வாரம் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கம்பு, அதன் பிறகு பாதிக்குப் பாதி. எடுத்த எடுப்பில் முழுக் கம்பில் வார்த்தால் இட்லி அடர்ந்து, கறுத்து, பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இன்னொன்று, கம்பு மாவைப் பாக்கெட்டாக வாங்கக் கூடாது. கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். அரைத்துச் சில நாளிலேயே மாவு கசக்கத் தொடங்கும். “பிள்ளை இட்லி கசக்கிறது என்றால் அடம்பிடிக்கிறான் என்று திட்டாதீர்கள். பாதி நேரம் மாவு பழசாக இருக்கும்.” முழுத் தானியமாக வாங்கி, எட்டு மணி நேரம் ஊறவைத்து அரைக்கிறோம் என்று மேலாளர் எழுதியிருப்பதன் காரணம் அதுதான்.

முளைப்பயறுக்கு வந்தபோது அவருடைய குரல் மாறியது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் நிதானமாகப் பேசினார். கடிதத்தில் பெற்றோர் அதிகம் முணுமுணுத்த வரி ஒன்று உண்டு: ‘முளைகட்டிய பயறு பச்சையாகத் தரப்படாது, ஆவியில் வேகவைத்தே தரப்படும்.’ பச்சையாகத் தின்றால்தானே சத்து, வேகவைத்தால் வைட்டமின் சி போய்விடுமே என்று வாட்ஸ்ஆப் குழுவில் படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

“கொஞ்சம் போகும், மறுக்கவில்லை. ஆனால் 1996 ஜூலையில் ஜப்பானில் சகாய் என்ற நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். பள்ளி மதிய உணவு சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ரத்தப் பேதியில் விழுந்தார்கள். காரணம் ஈ.கோலை என்ற கிருமி. முள்ளங்கி விதை முளைகள் மீது அரசு சந்தேகப்பட்டது. முளை வளர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். கடைசிவரை அது அசைக்க முடியாதபடி நிரூபணமாகவில்லை. சரி, ஜப்பானை விடுங்கள். 2011-இல் ஜெர்மனியில் வந்தது வேறு வகை ஈ.கோலை. அங்கே விசாரணை போய் நின்ற இடம் வெந்தய முளை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.”

அரங்கம் அடங்கியிருந்தது. ஏன் முளைக்கு மட்டும் இந்த ஆபத்து? பயறு முளைக்க வேண்டிய சூடும் ஈரமும்தான் கிருமி பெருகவும் ஏற்றவை. விதையில் ஒட்டியிருக்கும் ஒரு துளி அழுக்கு ஓர் இரவில் பெருகிவிடும். அது விதையின் விரிசலுக்குள் இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. வீட்டில் நான்கு பேருக்குக் கட்டுவது வேறு, இருநூறு பிள்ளைகளுக்கு ஒரே மூட்டையாகக் கட்டுவது வேறு. ஒன்று கெட்டால் எல்லாம் கெடும்.

கேன்டீனில் செய்யும் முறையை அவர் படிப்படியாகச் சொன்னார். இருநூறு பேருக்கு ஆளுக்கு 40 கிராம் என்றால் எட்டுக் கிலோ முளை வேண்டும். நான்கு கிலோ உலர்ந்த பச்சைப் பயறு போதும், ஊறி முளைத்தால் இரண்டு மடங்காகிவிடும். முதல் நாள் காலையில் நல்ல தண்ணீரில் கழுவி ஊறப்போட்டு, மாலையில் நீரை முழுக்க வடித்து, கொதிநீரில் அலசிய துணியில் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்ட வேண்டும். பெரிய மூட்டையின் நடுவே காற்றுப் புகாது, அங்கேதான் முதலில் புளித்த வாடை வரும். மறுநாள் காலையில் முளை அரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கும்போதே ஆவியில் ஏற்ற வேண்டும், தட்டின் நடுப்பயறும் சூடேறும் வரைக்கும். கையில் வழவழப்பு ஒட்டினாலோ, புளித்த நெடி வந்தாலோ அந்த மூட்டை குப்பைக்கு. “இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். போன வைட்டமின் சி கொஞ்சம் திரும்பி வரும். பயறில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேரவும் அது உதவும். வேகவைத்துத் தருகிறோம் என்று எழுதும் தைரியம் விளம்பரம் தேடுகிறவனுக்கு வருமா? ‘பச்சைக் காய்கறி, இயற்கை உணவு’ என்று எழுதியிருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்போம்!”

மணி அடித்தது. இன்னும் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் விலையைத் தொட்டார். எதிரணி சொன்னதில் சாமையைப் பொறுத்தவரை உண்மை உண்டு. ஒரு கிலோ பொன்னி அரிசி வாங்கும் காசுக்கு முக்கால் கிலோ சாமைகூடக் கிடைப்பதில்லை. தீட்டுவதில் சேதாரம் அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் மெனுவில் சாமை வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற நாட்களைத் தாங்குவது கேழ்வரகும் கம்பும். இரண்டும் இங்கே அரிசியைவிட விலை குறைந்தவை. 2023 முதல் இந்த மாவட்டத்து ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்களே, அதைப் பணக்காரத் தின்பண்டம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். இந்த முறை கைதட்டல் மெலிதாக இல்லை.

வங்கி அதிகாரி மறுப்புரைக்கு எழுந்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: “கேழ்வரகு அரிசியைவிட மலிவு என்கிறார் அம்மா. அப்படியானால் அடைக்கு மட்டும் ஏன் இட்லியைவிட ஐந்து ரூபாய் கூடுதல்?”

கூட்டம் கடைசி வரிசையில் நின்றிருந்த மேலாளரைத் திரும்பிப் பார்த்தது. இட்லியை ஒரே தட்டில் முப்பது வேகவைத்துவிடலாம், அடையை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும், அதற்கென்றே ஓர் ஆள் கூடுதலாக நிற்கிறார் என்றார் அவர். அதற்கு ஐந்து ரூபாயா, மூன்று ரூபாயா என்று பெற்றோர் பக்கத்தில் தொடங்கிய பேரத்தில், நடுவர் தீர்ப்பைப் படித்தது பலருக்குக் கேட்கவே இல்லை.